தாரகாரகன்: கடைசியில் நிற்கும் கிரகம் துணையைப் பற்றிச் சொல்வது என்ன?

ஜைமினி முறையைப் படிக்கத் தொடங்கியவர்கள் ஆத்மகாரகனை ஒரு நாளில் புரிந்துகொள்கிறார்கள். தாரகாரகனிடம் வந்ததும் சிக்கிக்கொள்கிறார்கள். பாதிப் பேர் தவறான கிரகத்தை எடுத்துவிட்டு அதற்குப் பலன் தேடுகிறார்கள். மீதிப் பேர் சரியான கிரகத்தை எடுத்துவிட்டு, அதன் பெயரைக் கேட்டதும் பயந்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தாரகாரகன் என்று தனியாக எதற்கு? சுக்கிரன்தானே களத்திர காரகன்?

சுக்கிரன் எல்லோருக்கும் பொதுவான காரகன். யார் ஜாதகத்தை எடுத்தாலும் அவன்தான். ஜைமினி இதை ஸ்திர காரகம் என்பார். அவர் சூத்திரங்களில் மனைவிக்குச் சுக்கிரனும் கணவனுக்குக் குருவும் அப்படி நிலையாகச் சொல்லப்பட்டவர்கள். தாரகாரகன் சர காரகர்களில் ஒருவன், அதாவது ஜாதகத்துக்கு ஜாதகம் மாறுகிறவன். ஒருவருக்குப் புதன், இன்னொருவருக்குச் செவ்வாய், மற்றொருவருக்குச் சுக்கிரனே கூட வரலாம்.

தாரம் என்ற சொல் மனைவியைக் குறித்தாலும் பெண் ஜாதகத்திலும் இதே கணக்குத்தான். அங்கே அது கணவனைக் காட்டும். திருமண சுகம் எப்படி என்று பொதுவாகக் கேட்டால் சுக்கிரனைப் பாருங்கள். இந்த ஒருவருக்கு வாய்க்கும் துணை எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டால் தாரகாரகனிடம் போங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் இருக்கும் பழைய ஜாதகத்தில் கட்டம் மட்டும்தான் இருக்கிறது, பாகை இல்லை.

கிரகம் எந்த ராசியில் நிற்கிறது என்பதை மறந்துவிடுங்கள். அந்த ராசிக்குள் எத்தனை பாகை, எத்தனை கலை நடந்திருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். சூரியன் முதல் சனி வரை ஏழு கிரகங்களையும் அதிகப் பாகையிலிருந்து குறைந்த பாகை வரை வரிசைப்படுத்தினால் முதலில் நிற்பவன் ஆத்மகாரகன், கடைசியில் நிற்பவன் தாரகாரகன். பாகை சமமாக இருந்தால் கலையைப் பாருங்கள்; அதுவும் சமமானால் விகலை.

பாகை இல்லாத பழைய ஜாதகத்தில் பெரும்பாலும் நட்சத்திர பாதம் எழுதியிருப்பார்கள். ஒரு பாதம் 3 பாகை 20 கலை. ஒரு ராசிக்கு ஒன்பது பாதங்கள். ராசியின் முதல் பாதத்தில் நிற்கும் கிரகத்தைத் தேடுங்கள். மேஷத்தில் அசுவினி 1, ரிஷபத்தில் கார்த்திகை 2, மிதுனத்தில் மிருகசீரிடம் 3, கடகத்தில் புனர்பூசம் 4. சிம்மத்திலிருந்து மகம் 1, உத்திரம் 2, சித்திரை 3, விசாகம் 4. தனுசிலிருந்து மூலம் 1, உத்திராடம் 2, அவிட்டம் 3, பூரட்டாதி 4. இந்தப் பன்னிரண்டில் ஒரே ஒரு கிரகம் நின்றால் வேறு கணக்கே வேண்டாம், அதுதான் தாரகாரகன். இரண்டு நின்றால் அந்தத் தேதிக்குரிய ஸ்புடம் தேவைப்படும். யாருமே நிற்கவில்லை என்றால் அடுத்த பாதத்துக்குப் போங்கள்.

சந்திரனுக்கு மட்டும் பழைய ஜாதகத்திலேயே துல்லியமான பாகை ஒளிந்திருக்கிறது. கர்ப்பச் செல் நீக்கி இருப்பு என்று எழுதியிருக்கும் தசா இருப்பிலிருந்து, அந்த நட்சத்திரத்தில் சந்திரன் எவ்வளவு கடந்திருந்தான் என்று கணக்கிட்டுவிடலாம். சுக்கிர தசை 20 வருடத்தில் 15 வருடம் இருப்பு என்றால் கால் பங்கு நட்சத்திரம் கடந்திருக்கிறது. 13 பாகை 20 கலையில் கால் பங்கு 3 பாகை 20 கலை.

நான் எடுத்த கிரகம் சரிதானா என்று சட்டென்று சரிபார்க்க வழி உண்டா?

உண்டு, சூரியனை வைத்து. சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும்போதுதான் தமிழ் மாதம் பிறக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்கிறது. ஆகவே தமிழ்த் தேதி 9 என்றால் சூரியன் எட்டு, ஒன்பது பாகை அளவில் இருக்கும். தாரகாரகனின் பாகை சூரியனின் பாகையைத் தாண்டவே முடியாது. தமிழ்த் தேதி 5-இல் பிறந்த ஒருவர் தன் தாரகாரகன் 12 பாகையில் இருக்கிறான் என்று சொன்னால், கணக்கில் எங்கோ பிழை.

இதே காரணத்தால் மாதப் பிறப்பன்றும் அதற்கு மறுநாளும் பிறந்தவர்களில் பலருக்குச் சூரியனே தாரகாரகன்.

ஒரு மென்பொருளில் சனி என்று வருகிறது, இன்னொன்றில் புதன் என்று வருகிறது. எதை நம்புவது?

அயனாம்சம் மாறியிருக்கும். அயனாம்சத்தை மாற்றினால் எல்லாக் கிரகங்களும் ஒரே அளவு முன்னேயோ பின்னேயோ நகரும் என்பதால் வரிசை குலையாது என்றுதான் தோன்றும். ராசியின் விளிம்பில் நிற்கும் கிரகம் மட்டும் குலைத்துவிடும். லாகிரியில் 29 பாகை 56 கலையில் நிற்கும் புதனை எடுத்துக்கொள்ளுங்கள். கே.பி. அயனாம்சம் லாகிரியைவிடச் சுமார் 6 கலை குறைவு, எனவே கிரகம் அவ்வளவு முன்னே போகும். புதன் அடுத்த ராசியில் 0 பாகை 2 கலைக்கு வந்துவிடும். வரிசையின் தலையில் நின்ற ஆத்மகாரகன் ஒரே தாவலில் வாலுக்கு வந்து தாரகாரகனாகிவிட்டான். ராமன் அயனாம்சத்தில் வித்தியாசம் சுமார் ஒன்றரைப் பாகை என்பதால் இந்தத் தாவல் இன்னும் அடிக்கடி நடக்கும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே வித்தியாசம் கிரகத்துக்குக் கிரகம் வேறுபடும். அங்கே நடுவில் நிற்பவர்களின் வரிசையே மாறலாம்.

நான் லாகிரியும் திருக்கணிதமும் எடுக்கிறேன். நீங்கள் எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்த கிரகம் வரும்வரை அயனாம்சத்தை மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஜாதகமே தேவையில்லை.

பிறந்த நேரம் பதினைந்து இருபது நிமிடம் முன்பின் இருக்கலாம். தாரகாரகன் மாறிவிடுமா?

சந்திரன் போட்டியில் இல்லை என்றால் மாற வாய்ப்பு மிகக் குறைவு. சந்திரன் ஒரு மணி நேரத்தில் சுமார் அரைப் பாகை நகர்கிறான். இருபது நிமிடத்தில் 10 கலை. சந்திரன் 4 பாகை 52 கலையிலும் குரு 5 பாகையிலும் இருந்தால் அந்த இருபது நிமிடம் ஆளையே மாற்றிவிடும். மற்ற ஆறு கிரகங்களும் இருபது நிமிடத்தில் ஓரிரு கலைகூட நகர்வதில்லை. லக்னம்தான் மாறக்கூடும், அதனால் தாரகாரகன் நிற்கும் வீட்டின் எண் மாறும், கிரகம் மாறாது.

ராகுவையும் சேர்க்க வேண்டும் என்கிறார்களே?

ஜைமினி சூத்திரமே “ஸப்தானாம் அஷ்டானாம் வா” என்று, ஏழு பேரில் அல்லது எட்டுப் பேரில் என்று, இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டது. எட்டுப் பேர் முறையில் ராகு சேர்கிறான். அவன் பின்னோக்கி நகர்வதால் அவனுடைய பாகையை 30-இலிருந்து கழித்து எடுக்க வேண்டும். கேதுவுக்கு இடமில்லை. ராகுவும் கேதுவும் எப்போதும் ஒரே பாகையில் நிற்பவர்கள் என்பதால், சேர்த்தால் வரிசையில் நிரந்தரமாக ஒரு சமநிலை வந்துவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று: இந்தச் சர்ச்சை தாரகாரகனைச் சில ஜாதகங்களில் மட்டுமே தொடுகிறது. ராகு நடுவில் எங்கு புகுந்தாலும் இடைப்பட்ட காரகர்கள்தான் இடம் மாறுவார்கள். கடைசியில் நிற்பவன் கடைசியிலேயே நிற்பான். ராகு ராசியின் கடைசிப் பாகைகளில் நின்று, கழித்து வரும் எண் மற்ற எல்லோரையும்விடக் குறைந்தால் மட்டுமே தாரகாரகன் மாறும். அப்படிப்பட்ட ஜாதகத்தில் சராசரி ராகுவா, உண்மை ராகுவா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒரு பாகைக்கு மேல்கூட வித்தியாசம் வரும். உங்கள் ராகு ராசியின் முன்பாதியில் இருந்தால் இந்தக் கேள்வியை விட்டுவிட்டு மேலே போகலாம்.

சரி, கிரகம் கிடைத்துவிட்டது. எந்தக் கிரகத்துக்கு எப்படிப்பட்ட துணை?

கிரகத்தின் இயல்பே துணையின் அடிப்படை இயல்பு. சூரியன் என்றால் தன்மானம் மிக்கவர், முடிவைத் தான் எடுக்க விரும்புகிறவர். பிறர் முன்னிலையில் திருத்தினால் பொறுக்க மாட்டார். சந்திரன் என்றால் கவனித்துக்கொள்கிறவர், தானும் கவனிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர். காலையில் இருந்த மனநிலை மாலையில் இருக்காது. குரு என்றால் பெருந்தன்மை உண்டு, கூடவே அறிவுரையும் உண்டு.

புதன்தான் அதிகம் தவறாகப் படிக்கப்படுகிறவன். புத்திசாலித் துணை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். புதன் சேர்ந்தாரைப் பொறுத்து நிறம் மாறும் கிரகம். புதன் தாரகாரகனாக வந்தவரின் துணை வயதைவிட இளமையாகத் தெரிவார், பேச்சில் பிரியம் உள்ளவர், ஒரு விஷயத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பவர். அதே சமயம் யாரோடு பழகுகிறாரோ அவர்களின் சாயல் அவர்மேல் படியும். ஆகவே புதனுக்குப் பலன் சொல்லும் முன் அவனோடு யார் இருக்கிறார் என்று பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது. மற்ற மூவருக்கும் தனித்தனியாகக் கேள்விகள் வந்திருப்பதால் கீழே பார்க்கலாம்.

எனக்குச் சனி. வயதில் மிகப் பெரியவரா? திருமணமே தாமதமாகுமா?

தாமதத்தைச் சொல்வது தாரகாரகனின் வேலை அன்று. சனி துணையின் மனப்பாங்கைச் சொல்கிறான். அவர் வயதுக்கு மீறிய நிதானம் உள்ளவர். பொறுப்பை இளமையிலேயே தலையில் ஏற்றிக்கொண்டவராக இருப்பது வழக்கம். இதைத்தான் ‘வயதானவர்’ என்று எளிதாக்கிவிட்டார்கள். இருபத்தைந்து வயதிலேயே வீட்டுக் கணக்கைத் தன் கையில் வைத்திருந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். அன்பை வார்த்தையில் காட்டத் தெரியாது. காய்ச்சல் வந்தால் ‘எப்படி இருக்கிறது’ என்று பத்து முறை கேட்க மாட்டார். மாத்திரையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார்.

பலவீனமான சனி என்றால் இதே குணம் கசப்பாகத் திரியும்: குறை சொல்வது, பழையதை மறக்காமல் இருப்பது, சிக்கனம் கருமித்தனமாவது. பலம் எப்படிப் பார்ப்பது என்பதைக் கீழே ஜாதகத்தோடு விளக்கியிருக்கிறேன்.

செவ்வாய் வந்தால் தினமும் சண்டைதானா?

செவ்வாயின் கோபம் உடனே எழும், உடனே அடங்கும். செவ்வாய் தாரகாரகனாக வந்தவரின் துணை வேகமானவர், நேரடியானவர், காத்திருக்கத் தெரியாதவர். வெளியே கிளம்ப வேண்டும் என்றால் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பார். நீங்கள் இன்னும் சாவியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இவரோடு மோதல் வருவது பெரும்பாலும் வேகத்தில்தான், நோக்கத்தில் அன்று.

இதைச் செவ்வாய் தோஷத்தோடு குழப்ப வேண்டாம். அது செவ்வாய் நிற்கும் வீட்டை வைத்துச் சொல்வது. இது பாகையை வைத்து வந்த பதவி. இரண்டும் ஒரே ஜாதகத்தில் இருக்கலாம், ஒன்றுமட்டும் இருக்கலாம்.

சுக்கிரன் எனக்குத் தாரகாரகன். அழகான துணை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ரசனையுள்ள துணை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடை, ஒழுங்கு, இசை, மனிதர்களைக் கலகலப்பாக வைத்திருக்கும் பாங்கு இவையெல்லாம் உண்டு. முகச்சாயலைச் சொல்ல ராசியும் நவாம்சமும் வேண்டும். சுக்கிரனுக்குச் சச்சரவு பிடிக்காது என்பதால், இவர் மனத்தாங்கலைச் சொல்லாமல் சிரித்து மழுப்புவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஸ்திர காரகனும் சர காரகனும் ஒருவனே ஆகிவிடுவதால் சுக்கிரன் கெட்டால் இரண்டும் ஒரே அடியில் கெடும், நன்றாக இருந்தால் இரண்டும் நன்றாக இருக்கும். முதல் கேள்வியில் சொன்ன பிரிவு இந்த ஜாதகத்தில் உதவாது.

தாரகாரகன் நீசம். துணை மோசமானவராக இருப்பாரா?

நவாம்சத்தைப் பார்க்காமல் இதற்குப் பதில் இல்லை. இதில் ஓர் அழகான நுட்பம் இருக்கிறது. தாரகாரகன் பெரும்பாலும் ராசியின் தொடக்கத்தில் நிற்பவன். 3 பாகை 20 கலைக்குள் நின்றால் அவனுடைய நவாம்சம் எப்போதும் சர ராசிதான்: மேஷம், சிம்மம், தனுசில் நின்றால் நவாம்சம் மேஷம். ரிஷபம், கன்னி, மகரத்துக்கு மகரம். மிதுனம், துலாம், கும்பத்துக்குத் துலாம். கடகம், விருச்சிகம், மீனத்துக்குக் கடகம். சர ராசியிலேயே நின்றால் ராசியும் நவாம்சமும் ஒன்றாகி வர்க்கோத்தமம் ஆகிவிடும்.

இப்போது விருச்சிகத்தில் 3 பாகையில் சந்திரன் தாரகாரகனாக இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சந்திரனின் பரம நீசப் பாகை. ஆனால் நவாம்சம் கடகம், அவனுடைய சொந்த வீடு. வெளியே சந்தேகப்படுகிறவராக, எளிதில் புண்படுகிறவராகத் தெரியும் துணை, பழகப் பழக ஆழ்ந்த பாசம் உள்ளவர் என்று நான் படிப்பேன். நேர்மாறாக மேஷத்தின் முதல் பாதத்தில் நிற்கும் சனிக்கு வர்க்கோத்தமம் இருந்தும் பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டு இடத்திலும் நீசம்.

ஒரு ஜாதகத்தை எடுத்து முழுவதும் சொல்லிக் காட்டுங்களேன்.

விளக்கத்துக்காக நானே அமைத்த ஒன்று. எண்களில் புள்ளிக்கு முன்னே பாகை, பின்னே கலை. சிம்ம லக்னம், பெண் ஜாதகம். சூரியன் மிதுனம் 17.42, சந்திரன் கன்னி 24.10, செவ்வாய் மேஷம் 11.05, புதன் மிதுனம் 28.51, குரு ரிஷபம் 8.26, சுக்கிரன் ரிஷபம் 20.33, சனி கும்பம் 2.14 வக்கிரம், ராகு மீனம் 28.20. ஏழு பேர் முறையில் புதன் ஆத்மகாரகன், சனி தாரகாரகன். வக்கிரம் பாகையை மாற்றாது. கணக்கில் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். சனி நிற்பது அவிட்டம் 3. ராசியில் ஆட்சி, நவாம்சத்தில் துலாம், அதாவது உச்சம். லக்னத்துக்கு ஏழாம் வீடு, தானே ஏழாம் அதிபதி. பலத்தில் குறையே இல்லை. எனவே மேலே சொன்ன சனியின் நல்ல முகம்: சொன்ன நேரத்துக்கு வருகிறவர், கடனை மறக்காதவர், கும்பத்தால் தனக்கென ஒரு கொள்கை உடையவர், துலாத்தால் இரு பக்கமும் கேட்டுவிட்டுப் பேசுகிறவர்.

அடுத்து ராசிப் பார்வை. ஜைமினியில் சர ராசிகள் தமக்கு அடுத்த ஸ்திர ராசியை விட்டு மற்ற மூன்று ஸ்திர ராசிகளையும் பார்க்கும். மேஷம் ரிஷபத்தை விட்டுச் சிம்மம், விருச்சிகம், கும்பத்தைப் பார்க்கிறது. அந்த மேஷத்தில் செவ்வாய் ஆட்சியாக இருக்கிறான். பராசர முறையின் 4, 7, 8 பார்வையில் இந்தச் செவ்வாய் சனியைத் தொடவே மாட்டான்; ஜைமினியில் தொடுகிறான். இதைத் தவறவிட்டால் குணத்தில் பாதி போய்விடும். பொறுமையான இந்த மனிதருக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டித் துருவினால் அடக்கி வைத்த சொல் கூர்மையாக வெளியே வரும். ரிஷபத்தில் இருக்கும் குருவும் சுக்கிரனும் கும்பத்தைப் பார்க்கவில்லை என்பதால், அந்தக் கூர்மையை மழுக்க யாரும் இல்லை.

இந்தப் பெண்ணின் ஆத்மகாரகன் மிதுனத்துப் புதன், நவாம்சத்திலும் மிதுனம். பேசித் தீர்ப்பதே இவருக்கு மூச்சு. இவர் பத்து வரி எழுதி அனுப்பினால் கணவரிடமிருந்து ‘சரி’ என்று ஒரு சொல் வரும். இவர் அதை அலட்சியம் என்று படிப்பார். அவர் உண்மையிலேயே ஒப்புக்கொண்டிருப்பார். ஆத்மகாரகனுக்குத் தாரகாரகன் ராசியில் ஒன்பதிலும் நவாம்சத்தில் ஐந்திலும் திரிகோணமாக நிற்பதால், இந்தச் சிறு உரசல் பிரிவுவரை போகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே ஜாதகத்தில் ராகுவைச் சேர்த்தால்?

வேண்டுமென்றேதான் ராகுவை மீனம் 28.20-இல் வைத்தேன். 30-இலிருந்து கழித்தால் 1.40, சனியின் 2.14-ஐவிடக் குறைவு. எட்டுப் பேர் முறையில் ராகு தாரகாரகன், சனி ஞாதிகாரகனாக ஒரு படி ஏறிவிடுகிறான். பலன் தலைகீழாகிறது. வேறு பின்னணியிலிருந்து வருகிறவர், வழக்கத்துக்கு அடங்காதவர், எட்டாம் வீட்டில் நிற்பதால் தன் கதையில் பாதியை உள்ளேயே வைத்துக்கொள்கிறவர்.

இரண்டையும் கலந்து ஒரு மனிதரை உருவாக்காதீர்கள்; அப்படிச் செய்தால் எந்தக் கணவரும் பொருந்திவிடுவார். நான் ஏழு பேரில் தொடங்குகிறேன். ஜாதகருக்குத் திருமணம் ஆகியிருந்தால் ஒரே கேள்வி கேட்பேன்: உங்கள் துணையைப் பற்றி அவருடைய நண்பர்கள் முதலில் என்ன சொல்வார்கள்? ‘நம்பலாம், ஆனால் பேச மாட்டார்’ என்று பதில் வந்தால் சனி. ‘அவர் ஒரு மாதிரி, யாருக்கும் பிடிபடாதவர்’ என்றால் ராகு. திருமணம் ஆகாதவர் என்றால் இது இரண்டு முறைகளும் பிரியும் ஜாதகம் என்று சொல்லிவிட்டு, இரண்டையும் தனித்தனியாகச் சொல்வதுதான் நேர்மை.

ஏழாம் அதிபதி, உபபதம், தாரகாரகன் மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால்?

மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் அப்படித்தான் குழப்பம் வரும். தாரகாரகன் வருகிற மனிதர். உபபதம், அதாவது பன்னிரண்டாம் வீட்டின் ஆரூடம், திருமணம் என்கிற உறவு; அதற்கு இரண்டாம் இடம் அந்த உறவு நீடிப்பதைக் காட்டும். ஏழாம் வீடு, எதிரே இருப்பவரோடு ஜாதகர் பழகும் விதம்.

நம் ஜாதகத்தில் பன்னிரண்டாம் வீடு கடகம். அதிபதி சந்திரன் அங்கிருந்து மூன்றாவதான கன்னியில் இருக்கிறான். கன்னியிலிருந்து மூன்று எண்ணினால் விருச்சிகம், அதுதான் உபபதம். அதன் அதிபதி செவ்வாய். ஆக மனிதர் சனியின் அமைதி உடையவர், திருமணம் நடந்தேறும் விதமோ செவ்வாயின் வேகம். நிதானமான ஒருவரோடு அவசரமாக முடிவான திருமணம் என்றால் முரண் எங்கே இருக்கிறது?

தாரகாரகன் எட்டில் மறைந்திருக்கிறான். விவாகரத்து என்கிறார் ஒருவர்.

6, 8, 12 என்பது லக்னத்திலிருந்து எண்ணியதா, ஆத்மகாரகனிலிருந்து எண்ணியதா என்று அவரிடம் கேளுங்கள். லக்னத்திலிருந்து என்றால் அது துணை எந்தச் சூழலில் வருகிறார் என்பதைச் சொல்கிறது. ஆத்மகாரகனிலிருந்து என்றால் இருவரின் இயல்பும் ஒத்துப்போகச் சிரமப்படும் என்று பொருள். இரண்டுமே பிரிவைத் தீர்மானிக்காது. நீடிப்பைப் பற்றிய கேள்வி உபபதத்துக்கு இரண்டாம் இடத்தைச் சேர்ந்தது என்று முந்தைய பதிலில் சொல்லியிருக்கிறேன்.

பொருத்தம் பார்க்கும்போது தாரகாரகனை வைத்து வரனை ஒதுக்கலாமா?

ஒதுக்க வேண்டாம். தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். உங்கள் தாரகாரகன் வரனின் ஜாதகத்தில் எடுப்பாக இருக்கிறானா என்று பார்ப்பது சுவையான சோதனை. உங்களுக்குச் சனி என்றால் அவர் லக்னத்தில் சனி, அல்லது மகர, கும்ப லக்னம், அல்லது சனியே அவருக்கு ஆத்மகாரகன் என்று ஏதோ ஒரு வடிவில் வருகிறதா என்று தேடுங்கள். பொருந்தினால் நீங்கள் படித்த குணம் இவருடையதுதான் என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். பொருந்தாவிட்டால் அது குறை ஆகாது.

ஒரே நாளில் பிறந்த எல்லோருக்கும் ஒரே தாரகாரகன்தானே வரும்? அத்தனை பேருக்கும் ஒரே மாதிரித் துணையா?

இந்த முறையின் மேல் வைக்கக்கூடிய மிக நியாயமான கேள்வி இது. சர காரகக் கணக்கில் லக்னம் இல்லை. சந்திரன் குறுக்கிடாத நாள்களில், அன்று பிறந்த எல்லோருக்கும் தாரகாரகன் ஒருவனே. சனி ஒரு ராசிக்குள் நுழைந்து முதல் பாகையைக் கடக்கும் வாரங்களில் பிறந்தவர்களில் மிகப் பலருக்குச் சனியே வருவான். தாரகாரகன் நிற்கும் ராசியும், அவன்மேல் விழும் ராசிப் பார்வையும், அவனுடைய நவாம்சமும்கூட அன்று முழுவதும் அநேகமாக ஒன்றுதான்.

மாறுவது லக்னமும் நவாம்ச லக்னமும் உபபதமும். காலையில் பிறந்தவருக்கு ஏழில் நிற்கும் அதே சனி, இரண்டு மணி நேரம் கழித்து லக்னம் கன்னிக்கு மாறியதும் ஆறில் நிற்பான். நவாம்ச லக்னமோ ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். இரட்டையர் ஜாதகத்தில் நான் கிரகத்தை விட்டுவிட்டு, நவாம்ச லக்னத்திலிருந்து தாரகாரகன் எத்தனையாவது வீட்டில் நிற்கிறான் என்பதை முதலில் எழுதிக்கொள்வேன். நம் உதாரணத்தில் சனி நவாம்சத் துலாத்தில் இருக்கிறான். அக்காவின் நவாம்ச லக்னம் மேஷம் என்றால் சனி ஏழில். பதினைந்து நிமிடம் பின்னால் பிறந்த தங்கைக்கு ரிஷபம் என்றால் ஆறில். இருவருக்கும் வாய்ப்பவர் பேச்சு குறைந்த, பொறுப்பான மனிதர்தான். அக்கா அவரைத் துணையாக உணர்வார். தங்கைக்கு அதே மௌனத்தோடு பல வருடம் வாதாட வேண்டியிருக்கும்.